ஸ்பிரிண்ட் போர்டில் எந்த வேலை மாட்டிக்கொண்டிருக்கிறது, ஏன்? புது டீம் லீடுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜிரா போர்டில் ஓடிக்கொண்டிருக்கிற டிக்கெட்டும் மாட்டிக்கொண்ட டிக்கெட்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதே வெள்ளைக் கார்டு, மூலையில் ஒரு முகம், மேலே `In Progress` என்ற தலைப்பு. அந்தக் கார்டைக் கடைசியாக யாரோ இழுத்துவிட்ட இடம் எது என்பதை மட்டும்தான் போர்டு காட்டுகிறது. இழுத்துவிட்ட பிறகு வேலை நடந்ததா, இரண்டாவது நாளே நின்றுபோனதா என்று அதில் தெரியாது.

அதனால் போர்டைப் படிக்கும்போது ஒவ்வொரு கார்டைப் பற்றியும் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். இதில் கடைசியாக உண்மையில் ஏதாவது நகர்ந்தது எப்போது? அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியவர் யார்? இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் கார்டில் முகம் இருக்கிறவராக இருக்காது. கார்டு நிற்கிற வரிசை ஒன்று, அதை நிறுத்தி வைத்திருக்கிற காரணம் இருக்கிற வரிசை வேறொன்று. புதிதாக லீட் ஆனவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு மாதிரி போர்டை வைத்துக்கொண்டு போவோம். சென்னையில் ஒரு டீம், நியூயார்க்கில் க்ளையண்ட். ஒரு சீனியர் பேக்எண்ட் டெவலப்பர், இரண்டு ஜூனியர்கள், ஒரு ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பர், ஒரு டெஸ்டர். ஆன்லைன் கடையில் பணம் திருப்பித் தரும் ரீஃபண்ட் வசதியைக் கட்டுகிறார்கள். இரண்டு வார ஸ்பிரிண்ட், திங்கட்கிழமை தொடங்கியது. இன்று ஏழாவது வேலை நாள், இரண்டாவது வாரத்தின் செவ்வாய் காலை. போர்டில் 14 கார்டுகள்: `To Do` 3, `In Progress` 4, `Code Review` 4, `QA` 1, `Done` 2.

## முதலில், போர்டு எல்லாவற்றையும் காட்டுகிறதா?

இதைச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள். ஜிராவில் டிக்கெட்டின் ஸ்டேட்டஸ் வேறு, போர்டின் வரிசை வேறு. எந்த ஸ்டேட்டஸ் எந்த வரிசையில் வரவேண்டும் என்று போர்டு செட்டிங்ஸில் யாரோ ஒருவர் பொருத்தி வைத்திருப்பார். எந்த வரிசையிலும் பொருத்தாத ஸ்டேட்டஸுக்கு ஒரு டிக்கெட் போனால் அது போர்டிலிருந்தே மறைந்துவிடும். `On Hold` என்று ஒரு ஸ்டேட்டஸை நடுவில் சேர்த்துவிட்டு வரிசையோடு பொருத்த மறந்திருந்தால், டீமிலேயே மோசமாக மாட்டிக்கொண்ட வேலைதான் உங்கள் கண்ணில் படாது.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. ஒரே வரிசையில் மூன்று ஸ்டேட்டஸைப் பொருத்தி வைத்திருப்பார்கள். `In Development`, `Waiting for Client` இரண்டுமே `In Progress` வரிசையில் வந்து விழும். அப்போது காத்திருப்பும் வேலையும் ஒரே நிறமாகிவிடும்.

சந்தேகம் இருந்தால் போர்டை விட்டுவிட்டுத் தேடல் பக்கத்துக்குப் போய் இதைப் போடுங்கள்:

```
project = PAY AND sprint in openSprints() AND statusCategory != Done
```

வருகிற எண்ணிக்கையும் போர்டில் முடியாத கார்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். சப்-டாஸ்க்குகள் இருந்தால் அவையும் இதில் சேர்ந்து வரும், அவற்றைக் கழித்துவிடுங்கள். போர்டின் மேலே ஏதாவது க்விக் ஃபில்டர் அழுத்தியபடியே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. நம் மாதிரி போர்டில் அப்படிக் கழித்த பிறகு 12 வருகிறது. சரி, எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

## வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். போர்டில் அந்தப் பழக்கம் உதவாது. முடிவுக்கு மிக அருகில் இருக்கிற வேலை நின்றுபோனால்தான் இழப்பு அதிகம், ஏனென்றால் அதில் ஏற்கெனவே நாலைந்து நாள் உழைப்பு போட்டாகிவிட்டது. தவிர, முன்னால் இருக்கிற அடைப்பு தெரிந்தால்தான் பின்னால் ஏன் தேங்கியிருக்கிறது என்று புரியும்.

கார்டுகளைத் திறக்காமல் எண்ணிக்கையை மட்டும் வலமிருந்து பாருங்கள்: 2, 1, 4, 4, 3. ஏழாவது நாளில் முடிந்தது இரண்டு. டெஸ்டரிடம் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ரிவ்யூவில் நாலு. டெஸ்டர் இன்றைக்குக் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறார். ஆனால் ரிவ்யூவில் இருக்கிற நாலும் என்றாவது திறந்துவிடத்தானே போகிறது? அநேகமாக வியாழன் மாலை. அப்போது ஒரே ஆள், ஒரே நாளில், நாலு டிக்கெட்டைச் சோதிக்க வேண்டிவரும். வெள்ளிக்கிழமை டெமோவில் "டெஸ்டிங்கால் தாமதம்" என்று பேச்சு வந்தால் அதன் தொடக்கம் இன்றைய போர்டில் இருக்கிறது, அதுவும் டெஸ்டிங் வரிசையில் இல்லை.

இப்படி வீங்கிய வரிசையும் அதற்கு அடுத்து காலியான வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். இது எந்த டூலிலும் பொருந்தும். வரிசைக்கு அதிகபட்ச எண்ணிக்கை வைக்கும் வசதி ஜிராவில் உண்டு, மீறினால் அந்த வரிசை சிவக்கும். புது லீட் முதல் வாரமே அதை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் தெரியாமல் வரம்பு வைத்தால் கார்டை ரிவ்யூவுக்கு நகர்த்தாமல் `In Progress`-லேயே வைத்துக்கொள்வார்கள். அப்புறம் போர்டு இன்னும் பொய்யாகிவிடும்.

## அடுத்து, வயது

ஒவ்வொரு கார்டும் இருக்கிற இடத்தில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜிராவில் போர்டு செட்டிங்ஸுக்குள் `Card layout` பகுதியில் `Days in column` என்பதைத் திறந்துவிட்டால் கார்டின் அடியில் சின்னப் புள்ளிகள் வரும், நாள் ஆக ஆக அவை கூடும். ஒரு பார்வைக்கு அது போதும். பட்டியலாக வேண்டுமென்றால்:

```
project = PAY AND sprint in openSprints()
AND statusCategory = "In Progress"
AND NOT (status changed AFTER -4d)
```

இந்த `-4d`-யைக் கவனியுங்கள். இது காலண்டர் நாள், சனி ஞாயிறும் இதில் அடக்கம். செவ்வாய் காலையில் `-2d` போட்டால் ஞாயிறு வரைதான் பார்க்கும், நேற்று நகராத எல்லாமே பட்டியலில் வந்துவிடும். இரண்டு முழு வேலை நாளாக நகராதவை வேண்டுமென்றால் செவ்வாயன்று `-4d`, வியாழனன்று `-2d`. பொங்கல், தீபாவளி வாரங்களில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதே வேலைக்கு `updated` என்ற புலத்தைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் அதை நம்புவதில்லை. யாராவது ஒரு லேபிள் மாற்றினாலும், "எனி அப்டேட்?" என்று ஒரு கமெண்ட் போட்டாலும் `updated` புதிதாகிவிடும். எல்லோரும் விசாரித்துக்கொண்டே இருக்கிற டிக்கெட்தான் அதிகம் மாட்டியிருக்கும். அதுவே இந்தக் கணக்கில் சுறுசுறுப்பாகத் தெரியும்.

நம் போர்டில் ஐந்து கார்டு வருகிறது: `In Progress` வரிசையில் PAY-215, PAY-222, PAY-233, ரிவ்யூவில் PAY-219, PAY-226. இவை ஐந்தும் மாட்டிக்கொண்டவை என்று இன்னும் சொல்ல முடியாது. திறந்து பார்க்க வேண்டியவை, அவ்வளவுதான்.

## ஒரு கார்டைத் திறந்து வரலாற்றைப் படிப்பது

PAY-222-ஐ எடுத்துக்கொள்வோம். பேமெண்ட் கேட்வேயோடு ரீஃபண்டை இணைக்கிற வேலை. ஒரு ஜூனியர் கையில், ஐந்தாவது நாளாக `In Progress`. தடை இருப்பதைக் காட்டும் கொடி எதுவும் கார்டில் இல்லை.

டிக்கெட்டின் கீழே `Activity` பகுதியில் `Comments`, `History` என்று தனித்தனியாக இருக்கும். கமெண்ட் என்பது ஆட்கள் சொன்னது. ஹிஸ்டரி என்பது நடந்தது. முதலில் ஹிஸ்டரியைப் படியுங்கள். இந்த டிக்கெட்டில் புதன் காலை `To Do`-விலிருந்து `In Progress`-க்கு வந்திருக்கிறது. திங்களன்று `backend` என்று ஒரு லேபிள் சேர்ந்திருக்கிறது. வேறெதுவும் இல்லை. கமெண்ட்டில் புதன் மாலை, "சாண்ட்பாக்ஸ் கீ க்ளையண்டிடம் கேட்டிருக்கிறேன்." வெள்ளியன்று, "வேலை நடந்துகொண்டிருக்கிறது."

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது `Development` பகுதி. கிட்ஹப் அல்லது பிட்பக்கெட்டை ஜிராவோடு இணைத்திருந்தால் அந்த டிக்கெட்டின் பிராஞ்ச், கமிட், புல் ரிக்வெஸ்ட் எல்லாம் அங்கே தெரியும். இங்கே இரண்டு கமிட், இரண்டும் வியாழக்கிழமை. ஆக, `updated` திங்கள் என்று சொன்னாலும், வெள்ளியன்று "நடந்துகொண்டிருக்கிறது" என்று கமெண்ட் இருந்தாலும், உண்மையான கடைசி நகர்வு வியாழன்.

இதில் ஒரு எச்சரிக்கை. பிராஞ்ச் பெயரிலோ கமிட் செய்தியிலோ டிக்கெட் எண் இருந்தால்தான் ஜிரா அதைச் சேர்த்துக் காட்டும். `PAY-222-refund-gateway` என்று பெயர் வைக்காமல் `gateway-new` என்று வைத்திருந்தால் ஒரு வாரம் உழைத்திருந்தாலும் அந்தப் பகுதி காலியாக இருக்கும். கமிட் இல்லை என்பதை வைத்து ஆளைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் ரெப்போவில் ஒருமுறை நேரடியாகப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஏன் நின்றது? கார்டின் கதைப்படி க்ளையண்டுக்காகக் காத்திருப்பு. "காத்திருக்கிறோம்" என்று யார் சொன்னாலும் அதோடு நிறுத்திவிடாமல் கடைசிச் செய்தி யாருடையது என்று கேளுங்கள்:

"222 எதுக்காக நிக்குது?"

"க்ளையண்ட் கிட்ட இருந்து கீ வரணும் ப்ரோ, புதன்கிழமையே மெயில் போட்டாச்சு."

"அந்த மெயில்ல கடைசியா எழுதினது நாமளா, அவங்களா?"

"அவங்கதான்... எந்த மெர்ச்சண்ட் அக்கவுண்டுக்குன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு ப்ராடக்ட் ஓனர் பதில் சொல்லுவாருன்னு விட்டுட்டேன்."

"அவரு அந்த மெயில்ல இருக்காரா?"

"இல்ல ப்ரோ."

அதாவது புதன் இரவிலிருந்து பதில் சொல்ல வேண்டியது நம் பக்கம். கார்டு க்ளையண்டுக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறது, க்ளையண்ட் நமக்காகக் காத்திருக்கிறார். இப்படிக் கை மாறிவிட்டதை யாரும் கவனிக்காமல் போவது, வெளியூர் க்ளையண்டோடு வேலை செய்யும் டீம்களில் அடிக்கடி நடக்கும். கோடை நேரத்தில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணி ஆகும்போது இங்கே மாலை 6:30. ஒரு கேள்வியும் பதிலும் போய்வர ஒரு நாள். பதில் கேள்வியாகத் திரும்பி வந்தால் இன்னொரு நாள். அதனால் கேட்கும்போதே அக்கவுண்ட் பெயர், எந்த சூழலுக்கு, எந்தத் தேதிக்குள் என்று எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எழுத வைப்பது லீடின் வேலை. அந்த மெயில் வெள்ளி மாலை போனால் பதில் திங்கள் காலைதான் கண்ணில் படும்.

## ஒரே வரிசையில் நாலு கார்டு, மூன்று காரணம்

இப்போது அந்த வீங்கிய ரிவ்யூ வரிசை. "ரிவ்யூ மெதுவாக நடக்கிறது, எல்லோரும் சீக்கிரம் ரிவ்யூ பண்ணுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. நாலு புல் ரிக்வெஸ்டையும் திறந்து, ஒவ்வொன்றும் யாருக்காக நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

PAY-219, முதல் ஜூனியர் எழுதியது. புதன் முதல் நிற்கிறது. ரிவ்யூ செய்ய வேண்டியவர் சீனியர், இன்னும் திறக்கவே இல்லை.

PAY-228-உம் அதே ஜூனியருடையது, திங்களன்று வந்தது. ரிவ்யூவர் அதே சீனியர். ஆனால் பிராஞ்சைப் பார்த்தால் அது 219-இன் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 219 உள்ளே போகாமல் இது போக முடியாது. இதைத் தனியாகத் தள்ளுவதில் பயனில்லை.

PAY-224, ஃப்ரண்ட்எண்ட் வேலை, வெள்ளி மதியம் வந்தது. ரிவ்யூவர் என்ற இடமே காலி. யாரையும் கேட்கவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை.

PAY-226, இரண்டாவது ஜூனியர் எழுதியது. இதைச் சீனியர் வெள்ளியன்று பார்த்து மூன்று திருத்தம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எழுதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் PAY-222-இல் கீ வரும் என்று உட்கார்ந்திருப்பவர். தன் வேலை ரிவ்யூவுக்குப் போய்விட்டது என்று மனதளவில் முடித்துவிட்டார். கார்டு இருப்பது `Code Review`-வில், வேலை இருப்பது அவர் மேஜையில்.

ஆக, இரண்டு கார்டு சீனியருக்காக, ஒன்று எழுதியவருக்காக, ஒன்று யாருக்காகவும் இல்லாமல். கடைசி இரண்டையும் இன்று காலையே தீர்த்துவிடலாம். 226-க்கு ஒரு வரி நினைவூட்டல் போதும். 224 கூப்பிடுகிற ஏபிஐயை எழுதியவர் முதல் ஜூனியர். அவருக்கு `In Progress`-இல் எதுவும் இல்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் `To Do`-விலிருந்து புதிதாக ஒன்றை எடுக்கப்போகிறார். அதை நிறுத்தி 224-ஐ அவரிடம் கொடுங்கள். புது வேலை தொடங்கினால் ரிவ்யூ வரிசைக்கு ஐந்தாவது கார்டு தயாராகும், வேறென்ன?

மிச்சம் சீனியர். அவர் ஏன் 219-ஐத் திறக்கவில்லை? பதில் அவருடைய `In Progress` கார்டுகளில் இருக்கிறது. PAY-215 அவருடையது, PAY-233-உம் அவருடையது. 233-இன் ஹிஸ்டரியில் `Sprint` புலம் வியாழனன்று மாறியிருக்கிறது. ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு உள்ளே வந்த புரொடக்‌ஷன் பக். இப்படி நடுவில் சேர்ந்தவற்றை ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறியோடு ஜிரா காட்டும், தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வியாழனன்று பக் வந்தது, அன்றிலிருந்து சீனியரின் ரிவ்யூ நேரம் அதற்குப் போனது. வெள்ளியன்று எப்படியோ 226-ஐ மட்டும் பார்த்திருக்கிறார். ரிவ்யூ வரிசை வீங்கியதற்குக் காரணம் ரிவ்யூ வரிசையிலேயே இல்லை.

இதில் லீட் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: 215-ஐ இரண்டு மணி நேரம் கீழே வைத்துவிட்டு 219-ஐப் பார்க்கச் சொல்வது. சீனியரிடம் போய் "ரிவ்யூ பெண்டிங் இருக்கு" என்று சொன்னால் அது அவர் தலையில் இன்னொரு சுமை. "215 இன்னைக்கு மதியம் வரைக்கும் வேண்டாம், 219 உள்ள போனா 228-உம் போயிடும்" என்று சொன்னால் எதை விடலாம் என்ற முடிவை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அதற்காகத்தான் லீட்.

## வயதில் சிக்காத கார்டு

நம் வயதுத் தேடலில் வராத ஒரு கார்டு உண்டு. `QA`-வில் இருக்கிற PAY-217. நேற்றுதான் அந்த வரிசைக்கு வந்தது, பார்த்தால் புத்தம்புதிது. ஹிஸ்டரியைத் திறந்தால் கதை வேறு: வியாழன் `QA`, வெள்ளி திரும்ப `In Progress`, திங்கள் மறுபடி `QA`. நகர்ந்துகொண்டே இருக்கிறது, எங்கும் போகவில்லை. இப்படித் திரும்பி வந்தவற்றை மட்டும் பிடிக்க:

```
project = PAY AND sprint in openSprints()
AND status changed FROM "QA" TO "In Progress"
```

ஒருமுறை திரும்புவது சாதாரணம், பக் என்றால் திரும்பத்தான் செய்யும். இரண்டாம் முறையும் திரும்பப் போகிறது என்றால் கமெண்ட்டுகளை வரிசையாகப் படியுங்கள். அங்கே தேட வேண்டிய அடையாளம் ஒன்று: டெஸ்டர் எழுதுகிற "எதிர்பார்த்தது" டிக்கெட்டின் விவரத்தில் இருக்கிறதா? 217 என்பது ரீஃபண்ட் ஆனதும் வாடிக்கையாளருக்குப் போகும் மெயில். ஆர்டரில் ஒரு பொருளுக்கு மட்டும் பணம் திரும்பினால் மெயிலில் திரும்பிய தொகை வரவேண்டும் என்கிறார் டெஸ்டர். டெவலப்பர் ஆர்டரின் மொத்தத் தொகையைக் காட்டிவிட்டு, "சரிபார்த்தாகிவிட்டது, ஸ்டேஜிங்கில் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார். டிக்கெட்டில் இருப்பது "ரீஃபண்ட் மெயில் அனுப்ப வேண்டும்" என்ற ஒற்றை வரி.

இருவர் செய்வதிலும் தவறில்லை. இருவரில் யாரும் முடிவு செய்யக்கூடிய விஷயமும் இல்லை. இந்தக் கார்டு உண்மையில் ப்ராடக்ட் ஓனருக்காக நிற்கிறது, அவருக்கே அது தெரியாது. மூவரையும் பத்து நிமிடம் ஒரே அழைப்பில் வைத்து, வந்த முடிவை டிக்கெட்டின் விவரத்திலேயே எழுதிவிடுங்கள். கமெண்ட்டில் எழுதினால் நாளைக்குக் கீழே புதைந்துவிடும்.

## நின்றது போலத் தெரிந்தாலும் நிற்காதவை

PAY-215 ஏழு நாளாக ஒரே இடத்தில். தேடலில் முதலில் வந்தது அதுதான். திறந்தால் தினமும் கமிட் இருக்கிறது, பக் வந்த பிறகும் குறைவாகவாவது இருக்கிறது. ஆறு சப்-டாஸ்க்கில் நாலு முடிந்துவிட்டது. சப்-டாஸ்க் நகர்ந்தாலும் தாய் டிக்கெட்டின் ஸ்டேட்டஸ் மாறாது, அதனால்தான் தேடலில் சிக்கியது. இது மாட்டிக்கொண்ட வேலை இல்லை, பெரிய வேலை. அதற்கான மருந்து வேறு: முடிந்த பகுதியைத் தனி டிக்கெட்டாகப் பிரித்து ரிவ்யூவுக்கு அனுப்ப முடியுமா என்று அடுத்த பிளானிங்கில் பேசலாம். இன்று அதைத் தொட வேண்டாம். PAY-233-உம் அப்படித்தான், சீனியர் இன்று காலை கூட அதில் கமிட் செய்திருக்கிறார்.

போர்டில் தெரியவே தெரியாத காரணங்களும் உண்டு. விடுப்பில் இருப்பவரின் கார்டு, போர்டில் டிக்கெட் இல்லாமல் போனில் வருகிற சப்போர்ட் வேலை, இன்னொரு டீமுக்கு "ஒரு சின்ன உதவி" என்று போய் உட்கார்ந்திருப்பவர். ஒருவருடைய எல்லாக் கார்டும் சேர்ந்து ஒரே நாளில் நின்றிருந்தால் டிக்கெட்டில் காரணம் தேடாதீர்கள், அந்த ஆளிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் ஸ்டாண்டப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாக.

## ஸ்டாண்டப்பில் என்ன கேட்பது

இவ்வளவையும் ஸ்டாண்டப்புக்கு முன்னால் தனியாகச் செய்துவிடுங்கள், இந்த அளவு போர்டுக்கு அரை மணி நேரத்துக்குள் முடியும். ஸ்டாண்டப் 15 நிமிடம்தான், அதில் ஹிஸ்டரி படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆளுக்கு ஆள் நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று சுற்றிவரும் மூன்று கேள்விகளை ஸ்க்ரம் வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. அந்தக் கேள்விகளுக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும், கார்டுக்குத்தான் இருக்காது. அதனால் ஆட்களை விட்டுவிட்டுக் கார்டுகளை வலமிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்: 217, அப்புறம் ரிவ்யூ நாலு, அப்புறம் 222.

"எப்ப முடியும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "நாளைக்கு" என்றுதான் பதில் வரும், நாளைக்கும் அதே பதில் வரும். "இது இப்ப யார் கையில இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் வேலை ஓடுகிறது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தால் மாட்டியிருக்கிறது. வெளியாள் பெயர் வந்தால், கடைசிச் செய்தி யாருடையது என்பது அடுத்த கேள்வி.

பதில் கிடைத்ததும் அதைப் போர்டிலேயே தெரியும்படி செய்யுங்கள். கார்டின் மெனுவில் `Add flag` உண்டு, கூடவே ஒரு கமெண்டும் எழுதலாம். "தடை" என்று மட்டும் எழுதாமல் யார், என்ன, எப்போதுக்குள் என்று எழுதுங்கள்: "மெர்ச்சண்ட் அக்கவுண்ட் பெயரை ப்ராடக்ட் ஓனர் இன்று மாலை 6-க்குள் க்ளையண்டுக்கு அனுப்ப வேண்டும்." டீமுக்குள் இருப்பவர்களால் இன்றே தீர்க்க முடியாதவற்றுக்கு மட்டும் கொடி வையுங்கள். நம் போர்டில் அது 222 ஒன்றுக்குத்தான். ரிவ்யூ தாமதத்துக்கெல்லாம் கொடி குத்தினால் ஒரு வாரத்தில் போர்டு முழுக்க மஞ்சளாகிவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தீர்ந்த அன்றே கொடியை எடுத்துவிடவும் வேண்டும்.

## புதன் காலை

மறுநாள் அதே நேரத்தில் அதே போர்டைத் திறங்கள். நேற்று எடுத்த முடிவுகள் சரியென்றால் இன்று தெரிய வேண்டியது இது: 219 `QA`-வில், 226-இல் புது கமிட், 224-இல் ஒரு ரிவ்யூவர் பெயர். எண்ணிக்கையாகப் பார்த்தால் ரிவ்யூ 4-லிருந்து குறைந்திருக்க வேண்டும், `QA` கூடியிருக்க வேண்டும். `In Progress` கூடியிருந்தால் யாரோ ரிவ்யூவை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

222-க்குக் கீ புதன் இரவு வந்தாலும் இணைக்க ஒரு நாள், ரிவ்யூ அரை நாள், சோதனை ஒரு நாள். வெள்ளிக்குள் அது முடியாது. வியாழன் காலை வரை காத்திருந்து வெள்ளியன்று சொல்வதைவிட, புதனன்றே ப்ராடக்ட் ஓனரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, கேட்வே இணைப்பு அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகிறது என்று பேசி முடித்துவிடுங்கள். டெமோவில் 219, 228, 224, 226 நாலையும் ஒரு போலி கேட்வேயோடு ஓட்டிக் காட்டலாமா என்றும் அதே பேச்சில் கேட்டுக்கொள்ளலாம். வியாழனன்று அந்த ஜூனியர் செய்த இரண்டு கமிட்டும் அந்தப் போலி கேட்வேதான்.